கேஸ் ஸ்டடி பக்கத்தில் டிசைனர் எங்கே?

செயலிகளையும் இணையதளங்களையும் வடிவமைக்கும் டிசைனர்கள் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது, தன்விவரக் குறிப்போடு போர்ட்ஃபோலியோ ஒன்றையும் அனுப்புகிறார்கள். அதில் அதிக எடை கேஸ் ஸ்டடிக்குத்தான். ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொண்டு, அங்கே என்ன சிக்கல் இருந்தது, அதற்கு டிசைனர் என்ன செய்தார், கடைசியில் என்ன மாறியது என்று சொல்லும் பக்கம் அது. முடிந்த திரைகளின் அழகான படங்களைப் பார்த்தால் கைத்திறன் தெரியும். ஆனால் ஆள் எடுப்பவருக்கு அது மட்டும் போதாது. தகவல் குறைவாக இருக்கும்போதும், நேரம் இல்லாதபோதும், கூட இருப்பவர்கள் ஒத்துக்கொள்ளாதபோதும் இவர் எப்படி முடிவெடுப்பார் என்று அவருக்குத் தெரிய வேண்டும். அதைக் காட்டத்தான் கேஸ் ஸ்டடி எழுதப்படுகிறது.

ஆகவே இப்படி ஒரு பக்கத்தைச் சரிபார்க்க உட்காருபவர் கையில் வைத்துக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த டிசைனர் எந்த முடிவை, எதைப் பார்த்து எடுத்தார்? பக்கத்தின் வரிசை அந்த முடிவை நோக்கி வாசகரை அழைத்துச் செல்ல வேண்டும். படங்கள் அதற்குச் சான்றாக நிற்க வேண்டும். பங்கு பற்றிய குறிப்பு, அந்த முடிவு யாருடையது என்று சொல்ல வேண்டும். மூன்றும் தனித்தனி விஷயங்கள் போலத் தோன்றினாலும் ஒன்று தவறினால் மற்ற இரண்டும் பயனற்றுப் போகின்றன.

விளக்கத்துக்காக ஒரு கற்பனைப் பக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். ஆம்னி பஸ் டிக்கெட் முன்பதிவு செயலி ஒன்றில் வேலை பார்த்த, அனுபவம் குறைந்த ஒரு டிசைனர் எழுதிய கேஸ் ஸ்டடி. சென்னையிலிருந்து தெற்கே போகும் பயணிக்கு எங்கே பஸ் ஏறுவது என்பதே பெரிய குழப்பம். 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பிறகு, கோயம்பேட்டிலிருந்து கிளம்பிக்கொண்டிருந்த பேருந்துகள் பலவும் அங்கே மாறின. பெருங்களத்தூர் போன்ற வழி நிறுத்தங்களும் உண்டு. செயலியில் பயணி முதலில் பஸ்ஸைத் தேர்ந்தெடுப்பார், பிறகு இருக்கையை, அதன் பிறகுதான் ஏறுமிடத்தை. கடைசித் திரைக்கு வந்த பிறகு தனக்கு வசதியான நிறுத்தம் அந்த பஸ்ஸுக்கு இல்லை என்று தெரிந்து சிலர் பாதியில் விட்டுவிடுவார்கள். சிலர் கவனிக்காமல் பணம் கட்டிவிட்டு, பிறகு வாடிக்கையாளர் சேவை எண்ணுக்கு அழைப்பார்கள். அணி செய்த மாற்றம் எளியது: ஏறுமிடத்தை முதலிலேயே கேட்டு, அதன்படி பஸ் பட்டியலைக் காட்டியது.

நல்ல வேலை. ஆனால் பக்கத்தில் அது எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கிறது. செயலியின் அறிமுகத்தில் தொடங்கி, டிசைன் செயல்முறையை விளக்கும் வரைபடம், போட்டிச் செயலிகளின் ஒப்பீட்டு அட்டவணை, கற்பனைப் பயணி இருவரைப் பற்றிய பெர்சோனா அட்டைகள், பயணியின் மனநிலை வரைபடம், திரைகளின் ஓட்டப்படம், வயர்ஃபிரேம்கள், நிறங்களும் எழுத்துருக்களும் என்று நீண்டு, அதற்குப் பிறகே முடிந்த திரைகள் வருகின்றன. ஏறுமிடம் ஒரு சிக்கலாக முதன்முறையாக எட்டிப் பார்ப்பது ஓட்டப்படத்தில்தான்.

வரிசை

இந்த வரிசை டிசைனரின் சோம்பலால் வந்ததல்ல, பாடத்திலிருந்து வந்தது. பிரிட்டனின் டிசைன் கவுன்சில் 2004-இல் உருவாக்கிய இரட்டை வைர மாதிரியோ, ஸ்டான்ஃபோர்டு டி-ஸ்கூல் பரப்பிய ஐந்து கட்ட மாதிரியோ பல பயிற்சி வகுப்புகளில் சொல்லித்தரப்படுகிறது. ஆராய்தல், சிக்கலை வரையறுத்தல், யோசனைகளை விரித்தல், செய்து பார்த்துச் சோதித்தல் என்று அவை போகும். வேலையைத் திட்டமிட அவை உதவும். சிக்கல் என்னவென்றால், வேலை நடந்த வரிசையையே வாசிப்பின் வரிசையாகவும் டிசைனர்கள் வைத்துவிடுகிறார்கள். வேலை தொடங்கிய நாளில் டிசைனருக்கு எது முக்கியம் என்று தெரியாது. அதனால் எல்லாவற்றையும் ஆராய்ந்தார். வாசகரையும் அதே இருட்டில் நடக்கவிட வேண்டிய தேவை இல்லை. என்ன சிக்கல் என்று தெரியாமல் போட்டிச் செயலிகளின் அட்டவணையைப் பார்ப்பவருக்கு, அதில் எந்தக் கட்டத்தைப் பார்ப்பது என்று தெரியாது.

வாசகர் பொறுமையாக வாசிப்பார் என்று எண்ணவும் இடமில்லை. இணையப் பக்கங்களை மக்கள் எப்படி வாசிக்கிறார்கள் என்று ஜேகப் நீல்சன் 1997-இல் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்றவர்களில் 79 சதவீதம் பேர் புதிய பக்கத்தை மேலோட்டமாக மேய்ந்தார்கள். சொல்லுக்குச் சொல் வாசித்தவர்கள் 16 சதவீதம்தான். 2006-இல் அவர் கண்ணசைவைப் பதிவு செய்து வெளியிட்ட முடிவிலும், பார்வை மேல்வரிகளில் அகலமாக ஓடி, கீழே போகப் போக இடது ஓரத்தோடு ஒதுங்குவது தெரிந்தது. விண்ணப்பக் குவியலோடு உட்கார்ந்திருக்கும் ஒருவர் இதைவிட நிதானமாக வாசிப்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

அதனால் சரிபார்ப்பவரும் முதல் முறை அப்படியே மேய வேண்டும். உள்ளே போகாமல் தலைப்புகள், முதல் பத்தி, படங்களுக்குக் கீழே உள்ள வரிகள் ஆகியவற்றை மட்டும் ஒரு நிமிடத்துக்குள் பார்த்து, பக்கத்தை மூடிவிட்டு, என்ன சிக்கல், இவர் என்ன செய்தார், என்ன மாறியது என்று மூன்று வரி எழுதிப் பார்க்க வேண்டும். டிக்கெட் செயலிப் பக்கத்தை மேய்ந்தவர் எழுதக்கூடியது இவ்வளவுதான்: “டிக்கெட் செயலி. ஆராய்ச்சி செய்திருக்கிறார். புதிய நிறங்கள்.” பக்கத்தின் தலைப்புகள் ‘ஆராய்ச்சி’, ‘வரையறை’, ‘யோசனைகள்’, ‘தீர்வு’ என்று இருந்தால் வேறெதுவும் எழுத முடியாது. அந்தத் தலைப்புகளை அப்படியே பெயர்த்து ஒரு வங்கிச் செயலியின் பக்கத்திலும் ஒட்டலாம். ‘இருக்கை தேர்ந்தபின் கைவிடும் பயணிகள்’, ‘வரைபடம் ஏன் உதவவில்லை’ என்று தலைப்புகள் இருந்தால், தலைப்புகளே கதையைச் சொல்லிவிடும்.

இரண்டாம் முறை முழுவதும் வாசிக்க வேண்டும். இப்போது ஒவ்வொரு பகுதியும் சொல்லும் செய்தியை ஒரே வாக்கியமாக ஒரு தாளில் எழுதிக்கொண்டே போக வேண்டும். எந்தப் பகுதிக்கு வாக்கியம் கிடைக்கவில்லையோ, அது பக்கத்தில் இருக்கத் தேவையில்லாதது. பெர்சோனா அட்டையில் ஒரு கற்பனைப் பயணிக்கு 32 வயது, ஐடி வேலை, காபி பிடிக்கும் என்று இருக்கிறது. ஏறுமிடக் குழப்பத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. வாக்கியம் கிடைக்காது. நிறங்களும் எழுத்துருக்களும் நிறுவனம் ஏற்கெனவே வைத்திருந்தவை. இவர் எடுத்த முடிவு அங்கே எதுவும் இல்லை. ஒப்பீட்டு அட்டவணையில் ஒரே ஒரு வரிசை உதவுகிறது: எந்தச் செயலி ஏறுமிடத்தை எந்தக் கட்டத்தில் கேட்கிறது என்பது. அந்த வரிசையை மட்டும் எடுத்துச் சிக்கலைச் சொல்லும் இடத்தில் வைத்துவிட்டால் மீதி அட்டவணையை யாரும் தேட மாட்டார்கள்.

இப்படிக் கிடைத்த வாக்கியங்களை வெட்டி, மேசையில் வைத்து மாற்றி அடுக்கினால் புதிய வரிசை தானாகவே தெரியும். மேலே நான்கைந்து வரிச் சுருக்கம். அதையடுத்து டிசைனரின் பங்கு. பிறகு சிக்கலும் அதற்கான சான்றும். அதன்பின் முதலில் முயன்றது, அது ஏன் தேறவில்லை, அடுத்து என்ன செய்தார்கள், கடைசியில் என்ன தெரிந்தது. டிக்கெட் செயலியின் சுருக்கம் இப்படி அமையலாம்: “பயணிகள் ஏறுமிடத்தைக் கடைசித் திரையில்தான் பார்த்தார்கள். தவறான நிறுத்தத்துக்குப் பணம் கட்டிவிட்டு உதவி எண்ணுக்கு அழைப்பது வாடிக்கையாக இருந்தது. ஏறுமிடத்தைத் தேடலின் முதல் கேள்வியாக மாற்றினோம். முதலில் வரைபடத்தை முயன்று கைவிட்டு, தெரிந்த சந்திப்புகளின் பெயர்ப் பட்டியலுக்கு வந்தோம்.” இதைப் படித்தவர் மீதியைப் படிக்காமலே போனாலும் வேலை என்ன என்று தெரிந்துகொண்டுதான் போவார். முடிவை முதலிலேயே சொல்லிவிட்டால் சுவை குறைந்துவிடும் என்று பல டிசைனர்கள் தயங்குகிறார்கள். கேஸ் ஸ்டடி வாசகரின் ஆவல் ‘அப்புறம் என்ன’ என்பதில் இல்லை. ‘ஏன் அப்படி’ என்பதில் இருக்கிறது. வரைபடத்தைக் கைவிட்டார்கள் என்று முன்பே தெரிந்தவர்தான் காரணத்தைத் தேடிக் கீழே இறங்குவார்.

வரிசையை மாற்றும்போது ஒரு எச்சரிக்கை தேவை. வாசிக்க எளிதாக வேண்டும் என்று தோல்விகளை நீக்கிவிடக் கூடாது. வரைபட முயற்சியை வெட்டிவிட்டால் பக்கம் வழுவழுப்பாகத்தான் இருக்கும். ஆனால் முதல் யோசனையே சரியாக அமைந்துவிட்டது போலத் தோன்றும். வேலை தெரிந்த யாரும் அதை நம்ப மாட்டார்கள். தவிர, இந்தப் பக்கத்தில் டிசைனரின் சிந்தனை மிகத் தெளிவாகத் தெரியும் இடமே அதுதான். சோதனையில் உட்கார்ந்த மூத்த பயணிகள் வரைபடத்தில் தாங்கள் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கத் தடுமாறினார்கள். ஆனால் சந்திப்பின் பெயரைப் படித்ததும் உடனே தொட்டார்கள். பழைய பக்கத்தில் இந்த இரண்டு வரிகள் வயர்ஃபிரேம்களுக்கு நடுவே ஒரு குறிப்பாக ஒளிந்திருந்தன. புதிய வரிசையில் அவற்றுக்கே தனிப் பகுதி வேண்டும்.

படங்கள்

செயல்முறைப் படங்கள் என்பவை கைவரைவுகள், வயர்ஃபிரேம்கள், சோதனையில் எடுத்த புகைப்படங்கள், குறிப்புகள் ஒட்டிய சுவர், பாதியில் கைவிட்ட திரைகள் போன்றவை. இவை பக்கத்தில் இருக்க ஒரே நியாயம், எழுத்து சொல்வதற்குச் சான்றாக நிற்பதுதான். வண்ண வண்ண ஸ்டிக்கி நோட்டுகள் ஒட்டிய சுவரின் படம் கிட்டத்தட்ட எல்லா கேஸ் ஸ்டடியிலும் இருக்கிறது. ஆலோசனை நடந்தது என்பதைத் தவிர அது எதையும் நிறுவுவதில்லை. ஒட்டிய தாள்களில் என்ன எழுதியிருந்தது, அவற்றில் எது முடிவை மாற்றியது என்பதே கேள்வி. ஒரே ஒரு தாளை நெருக்கத்தில் காட்டினாலும் போதும், அதில் ‘கண்டக்டருக்கு போன் பண்ணித்தான் இடம் கேட்பேன்’ என்று பயணி சொன்னது எழுதியிருந்தால்.

சரிபார்ப்பில் முதலில் பார்க்க வேண்டியது படம் படிக்க முடிகிறதா என்பதை. இதைக் கணக்குப் போட்டே காட்டலாம். ஃபிக்மாவில் போட்ட ஓட்டப்படம் 4000 பிக்சல் அகலம்; அதில் எழுத்தின் அளவு 24 பிக்சல். போனின் திரை 360 பிக்சல் அகலம் என்று கொண்டால், படம் ஏறக்குறைய பதினொரு மடங்கு சுருங்கும். 24 பிக்சல் எழுத்து 2 பிக்சல் உயரக் கோடாகிவிடும். மடிக்கணினியில் 1000 பிக்சல் அகலத்தில் காட்டினாலும் எழுத்து 6 பிக்சல்தான். இப்படிப்பட்ட படம் பக்கத்தில் இருக்கிறதே தவிர யாரும் அதைப் படிப்பதில்லை. தரத்தைக் கூட்டி ஏற்றினாலும் தீராது. படம் மங்கலாக இல்லை, எழுத்துதான் சிறிது. தீர்வு வெட்டுவது. ஓட்டப்படத்தில் இருக்கைத் திரையிலிருந்து ஏறுமிடத் திரைக்குப் போகும் மூன்று கட்டங்களை மட்டும் வெட்டியெடுத்து, பழைய ஓட்டத்தை மேலேயும் புதியதைக் கீழேயும் வைத்தால் போனிலும் படிக்கலாம். வெட்டிய படத்தை அது காட்டப்படும் அகலத்தைப் போல இரு மடங்கு பிக்சலில் ஏற்றினால் இன்றைய திரைகளில் கூர்மையாகத் தெரியும். 720 பிக்சல் பத்திக்கு 1440 பிக்சல் படம் போதும். அதற்கு மேல் போனால் பக்கம் திறக்கத்தான் நேரமாகும்.

சாய்ந்த கோணத்தில் மிதக்கும் போன்களுக்குள் திரைகளை வைத்துக் காட்டும் வழக்கத்துக்கும் இதே தடை. முகப்புப் படமாக ஒன்று இருக்கலாம். முடிவை விளக்கும் இடத்தில் திரை நேராக, எழுத்து படிக்கும்படி இருக்க வேண்டும். பழையதையும் புதியதையும் ஒப்பிடும்போது இரண்டிலும் ஒரே அளவு, ஒரே ஊர், ஒரே தேதி, ஒரே பஸ் இருப்பது அவசியம். பழைய திரையில் மதுரை, புதியதில் கோவை என்று இருந்தால் வாசகரின் கண் வேறுபாட்டைத் தேடி ஊர்ப் பெயரில் போய் நின்றுவிடும்.

அடுத்தது படத்துக்குக் கீழே உள்ள வரி. ‘வயர்ஃபிரேம்கள்’, ‘ஆரம்ப ஓவியங்கள்’ என்று பெயர் மட்டும் சொல்லும் வரிகள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். படத்தைப் பார்த்தாலே அது தெரியும். எங்கே பார்க்க வேண்டும், அதனால் என்ன முடிவானது என்று அந்த வரி சொல்ல வேண்டும். “இரண்டாம் வரைவு: ஏறுமிடங்கள் வரைபடத்தில். சோதனையில் மூத்த பயணிகள் தங்கள் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாததால் இதைக் கைவிட்டோம்.” இப்படி எழுத முடியாத படம் ஒன்று இருந்தால் டிசைனரிடமே கேட்கலாம், அவருக்கும் பதில் தெரியவில்லை என்றால் படத்தை எடுத்துவிடலாம். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பு மென்பொருளுக்கான மாற்று உரையிலும் இதே செய்தி வேண்டும். பல பக்கங்களில் அந்த இடத்தில் கோப்பின் பெயர்தான் இருக்கிறது.

அனுபவமுள்ள கண் இன்னொன்றையும் பிடிக்கும்: வேலை முடிந்த பிறகு வரைந்த ‘ஆரம்ப’ வயர்ஃபிரேம். செயல்முறை காட்டியாக வேண்டும் என்ற கட்டாயத்தால், முடிந்த திரையின் நிறத்தை உருவிவிட்டுச் சாம்பல் கட்டங்களாக மாற்றி முதல் வரைவு என்று சிலர் வைக்கிறார்கள். கண்டுபிடிப்பது கடினமல்ல. பொத்தானின் சொற்கள் முதல் இடைவெளி வரை அப்படியே முடிந்த திரையோடு ஒத்துப்போகும். கைவிட்டது எதுவும் அதில் இருக்காது. உண்மையான முதல் வரைவில் அடித்தல் இருக்கும், பிறகு காணாமல் போன ஒரு பொத்தான் இருக்கும், தவறாக அனுமானித்த ஒரு படி இருக்கும். பழைய வரைவுகளைச் சேமித்து வைக்காதவர் அவற்றை இட்டுக்கட்டக் கூடாது. அப்போது வரைவு எதுவும் மிஞ்சவில்லை என்று எழுதிவிட்டு, எடுத்த முடிவைச் சொற்களில் விளக்கினாலே போதும். அல்லது, விளக்கத்துக்காகப் பின்னர் வரைந்தது என்று படத்துக்குக் கீழே குறிப்பிட்டுவிடலாம்.

படங்களில் தப்பிவிடும் தனிநபர் விவரங்களையும் பார்த்தாக வேண்டும். சோதனையில் கலந்துகொண்டவரின் முகம், டிக்கெட் திரையில் உண்மையான பயணியின் பெயரும் போன் எண்ணும், சுவர்த்தாளில் எழுதிய நிறுவனத்தின் உள்விவரம் ஆகியவை ஒப்புதல் இல்லாமல் வெளியே வரக் கூடாது. எழுத்தை மங்கலாக்குவது போதிய மறைப்பல்ல. மங்கிய எழுத்தைச் சில வேளைகளில் மீட்டுவிட முடியும். கற்பனைப் பெயரையும் எண்ணையும் மாற்றி எழுதுவது, அல்லது அந்த இடத்தை முழுக் கறுப்பாக மூடுவதுதான் பாதுகாப்பு. இரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட வேலை என்றால் கடவுச்சொல் போட்டதும் கடமை முடிந்துவிட்டது என்று சிலர் எண்ணுகிறார்கள். ஒப்பந்தம் அனுமதிக்காததைக் கடவுச்சொல் அனுமதித்துவிடாது; எதைக் காட்டலாம் என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுக்கொள்வதே வழி.

பங்கு

மூன்றில் பெரும்பாலும் விடுபட்டுப் போவது இதுதான். அதிகத் தீங்கு செய்வதும் இதுதான். டிக்கெட் செயலிப் பக்கத்தின் மேலே ‘பங்கு: யுஎக்ஸ் டிசைனர்’ என்று இருக்கிறது. அது பதவியின் பெயர். கீழே எங்கும் ‘நாங்கள்’. நாங்கள் பயணிகளிடம் பேசினோம், நாங்கள் சோதித்தோம், நாங்கள் வெளியிட்டோம். அணியில் ஒரு திட்ட மேலாளர், ஒரு ஆய்வாளர், இரண்டு டிசைனர்கள், மூன்று நிரலாளர்கள் இருந்தார்கள் என்று விசாரித்தால்தான் தெரிகிறது. இதே அணியின் இன்னொரு டிசைனரும் இதே திரைகளைத் தன் போர்ட்ஃபோலியோவில் வைத்திருப்பார். இரண்டும் ஒரே மேசைக்கு வந்துசேர்வது துறையில் அரிதல்ல. அப்போது பங்கைத் தெளிவாக எழுதியவரைத்தான் வாசகர் நம்புவார்.

அமெரிக்காவின் டிசைனர் சங்கமான ஏஐஜிஏ தன் தொழில்முறை நெறிகளில் இதை நேரடியாகவே சொல்கிறது: ஒரு வேலையைத் தனியாகச் செய்யாத டிசைனர் தான் பொறுப்பேற்ற பகுதி எது என்று குறிப்பிட வேண்டும், அப்படிக் குறிப்பிடாமல் அதைப் போர்ட்ஃபோலியோவில் வைக்கக் கூடாது. பெயர் விடுபடுவது டிசைன் உலகில் பழைய புண் என்பதற்கு ஈம்ஸ் தம்பதியின் கதையே சாட்சி. 1946-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவர்களுடைய வளைத்த ஒட்டுப்பலகை நாற்காலிகளைக் காட்சிக்கு வைத்தபோது, கண்காட்சியின் தலைப்பில் சார்ல்ஸ் ஈம்ஸ் பெயர் மட்டுமே இருந்தது. கூடவே உழைத்த மனைவி ரேயின் பெயர் இல்லை. அலுவலகத்தில் வேலை பார்த்த மற்றவர்களின் பெயர்களும் இல்லை. அந்த நாற்காலிகளில் ரேயின் கை எவ்வளவு என்பதைப் பின்னால் வந்த ஆய்வாளர்கள் தேடித்தேடி நிறுவ வேண்டியதாயிற்று. 1958-இல் இருவரும் சேர்ந்து எழுதித் தந்த இந்தியா அறிக்கைதான் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு வித்திட்டது என்பதால், இந்திய டிசைனர்களுக்கு இந்தத் தம்பதி அந்நியர்கள் அல்லர்.

நல்ல பங்குக் குறிப்பு மூன்று வகையைப் பிரித்துச் சொல்லும்: தானே முடிவெடுத்துச் செய்தது, பிறரோடு சேர்ந்து செய்தது, பிறர் செய்து தான் பயன்படுத்தியது. காலத்தையும் சேர்க்க வேண்டும்; எட்டு வாரத்தில் செய்ததையும் எட்டு மாதத்தில் செய்ததையும் வாசகர் ஒரே தராசில் நிறுக்க மாட்டார். டிக்கெட் செயலிக்கு இப்படி எழுதலாம்: “ஏழு பேர் கொண்ட அணி, பத்து வாரம். தேடலும் ஏறுமிடத் தேர்வும் என் பொறுப்பு: ஓட்டம், வரைவுகள், முன்மாதிரி. பயணிகளிடம் பேசியவர் எங்கள் ஆய்வாளர்; சோதனை அமர்வுகளில் நான் குறிப்பெடுத்தேன், கேள்விகளை இருவரும் சேர்ந்து எழுதினோம். நிறம், எழுத்துரு, பொத்தான்கள் நிறுவனத்தின் டிசைன் சிஸ்டத்திலிருந்து எடுத்தவை. வரைபடத்தைக் கைவிடலாம் என்று நான் பரிந்துரைத்தேன்; திட்ட மேலாளர் ஒப்புதல் தந்தார்.” கடைசி வாக்கியம்தான் மிக மதிப்புள்ளது. யார் பரிந்துரைத்தார், யார் ஒப்புதல் தந்தார் என்ற பிரிவு, அணிக்குள் டிசைனர் நின்ற இடத்தைக் காட்டிவிடுகிறது.

இப்படி எழுதினால் தன் பங்கு சிறிதாகத் தெரியும் என்று புதியவர்கள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் புரிந்துகொள்ளத்தக்கது, ஆனால் கணக்கு தவறு. ஏழு பேர் சேர்ந்து பத்து வாரத்தில் செய்ததை ஒருவர் செய்ததாக யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ‘நாங்கள்’ என்று மட்டும் படித்தவர், நேர்காணலில் பாதி நேரத்தை ‘நீங்கள் என்ன செய்தீர்கள்’ என்று துருவுவதில் செலவழிப்பார். மாறாக, சோதனையில் குறிப்பெடுத்தவர் வரைபடத்தைக் கைவிடச் சொன்னார் என்று படித்தவர், அந்தப் பரிந்துரையைப் பற்றிப் பேச விரும்புவார்.

பங்கைச் சரிபார்க்க ஒரு கைவேலை உதவும். பக்கத்தை அச்சிட்டு, ஒவ்வொரு வினைச்சொல்லுக்கும் பக்கத்தில் அதைச் செய்தவர் யார் என்று எழுத வேண்டும். ‘செய்யப்பட்டது’, ‘கண்டறியப்பட்டது’ என்ற இடங்களில் யாரும் இருக்க மாட்டார்கள். அத்தகைய வரிகளையும் ‘நாங்கள்’ வரிகளையும் டிசைனரோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். மேலே உள்ள குறிப்பும் உடலில் உள்ள வாக்கியங்களும் முரண்படுகிறதா என்பதும் அப்போது தெரிந்துவிடும். குறிப்பில் ஆய்வாளர் பேசினார் என்று இருந்து, கீழே ‘நான் பயணிகளிடம் பேசியபோது’ என்று வந்தால் இரண்டில் ஒன்று தவறு.

விளைவைச் சொல்லும் எண்களும் பங்கின் பகுதியே. உதவி எண்ணுக்கு வரும் அழைப்புகள் குறைந்தன என்று டிசைனர் எழுதியிருக்கலாம். அதே மாதத்தில் பஸ் உரிமையாளர்கள் பயணிகளுக்கு ஏறுமிடத்தைக் குறுஞ்செய்தியில் அனுப்பத் தொடங்கியிருந்தால், குறைவு எதனால் என்று பிரிக்க முடியாது. ‘இந்த மாற்றமும் குறுஞ்செய்தியும் ஒரே மாதத்தில் வந்தன, இரண்டும் சேர்ந்த பிறகு அழைப்புகள் குறைந்தன’ என்று எழுதுவதே நேர்மை. எண்ணே கிடைக்காத வேலைகளும் உண்டு. டிசைனர் பாதியில் வேறு நிறுவனத்துக்குப் போயிருப்பார், அல்லது திட்டம் வெளியாகாமலே நின்றிருக்கும். அங்கே சோதனையில் கண்ணால் பார்த்ததைச் சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். பயிற்சி வகுப்புக்காகச் செய்த வேலை, உண்மையான செயலியை யாரும் கேட்காமல் மறுவடிவமைப்பு செய்த வேலை ஆகியவற்றை முதல் வரியிலேயே அப்படி அறிவித்துவிட வேண்டும். நிறுவனத்தின் சின்னத்தை மேலே வைத்துவிட்டு, இது தன் சொந்த முயற்சி என்று கடைசியில் சொல்வதை வாசகர் ஏமாற்றாகவே எடுத்துக்கொள்வார்.

கருத்தைத் திருப்பித் தருதல்

சரிபார்த்தவர் தன் கருத்துகளைத் தரும்போது பங்கில் தொடங்குவது நல்லது. பங்கு தெளிவான பிறகுதான் எந்த முடிவுகள் இவருடையவை என்று தெரியும். அதன் பிறகே எதை மேலே கொண்டுவருவது, எந்தப் படத்தை வைப்பது என்று தீர்மானிக்க முடியும். படங்களைச் செதுக்கிய பின் பங்கைக் கேட்டால், செதுக்கிய படங்களில் பாதி இன்னொருவரின் வேலை என்று தெரியவரலாம். ஒவ்வொரு கருத்தும் இடத்தைச் சுட்டி, அங்கே வாசகருக்கு என்ன புரிந்தது என்று சொல்ல வேண்டும். ‘ஆராய்ச்சிப் பகுதி நீளம்’ என்பதைவிட, ‘ஒப்பீட்டு அட்டவணை வரை வந்தும் எது சிக்கல் என்று தெரியவில்லை’ என்பது டிசைனருக்கு அதிகம் உதவும். முன்பு மேய்ந்தபோது எழுதிய மூன்று வரிகளையும் அவரிடம் கொடுத்துவிடலாம். தான் சொல்ல நினைத்ததற்கும் வாசகர் எடுத்துச் சென்றதற்கும் உள்ள தூரத்தை அவரே பார்த்துக்கொள்வார்.

திருத்திய பக்கத்தை முன்பு பார்த்தவரே மறுபடியும் சோதிக்கக் கூடாது. கதை அவருக்கு ஏற்கெனவே தெரியும். எழுதாததையும் அவர் மனம் நிரப்பிக்கொள்ளும். அந்த வேலையை அறியாத இன்னொருவரிடம், போனில், ஒரு நிமிடம் மட்டும் காட்டி, மூன்று வரி எழுதித் தரச் சொல்ல வேண்டும். ஏறுமிடம், கைவிட்ட வரைபடம், இந்த டிசைனரின் பொறுப்பு ஆகிய மூன்றும் அந்த வரிகளில் வந்துவிட்டால் பக்கத்தை அனுப்பலாம்.